தீர்ந்த செல்லில் என்ன மிச்சம் இருக்கிறது? வகுப்புப் பேச்சுக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் பேச வேண்டும். "பழைய பேட்டரி செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சேகரிப்புப் பெட்டியில் ஏன் போட வேண்டும்" என்ற தலைப்பு வந்தால் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இவைதான். யார் கேட்டார்களோ அவர்களுக்குச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

"டீச்சர், எப்படி ஆரம்பிக்கறதுங்க? சுற்றுச்சூழல் மாசுன்னு ஆரம்பிக்கட்டுங்களா?"

வேண்டாம் கண்ணு. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்பி. வீட்டில் ரிமோட்டிலோ பொம்மைக் காரிலோ வேலை செய்யாது என்று கழற்றி வைத்த செல் இருக்கும். எல்லோரும் பார்க்க அதைக் கடிகாரத்தில் போடு. பெரும்பாலும் முள் நகர ஆரம்பிக்கும். "இந்தச் செல் தீர்ந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் தூக்கிப் போடப் பார்த்தார்கள்" என்று சொல். உன் பேச்சில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

காரணம் எளிது. புதுச் செல் ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். பொம்மைக் காரின் மோட்டாருக்கு நிறைய மின்னோட்டம் வேண்டும். செல் பழசாக ஆக அவ்வளவை ஒரேயடியாகக் கொடுக்க முடியாமல் திணறும், மோட்டார் நின்றுவிடும். கடிகாரத்துக்கோ நொடிக்கு ஒரு சின்னத் தட்டு போதும். அதனால் பொம்மை வேண்டாம் என்று துப்பியதைக் கடிகாரம் வாரக்கணக்கில் சாப்பிடும். ஆய்வகத்தில் இருக்கும் மல்டிமீட்டரை வாங்கி அந்தச் செல்லின் இரண்டு முனையிலும் வைத்துப் பார், 1.2 அல்லது 1.3 வோல்ட் காட்டும். நாம் "தீர்ந்தது" என்று சொல்வது அந்தக் கருவிக்குப் போதவில்லை என்பதைத்தான். செல்லுக்குள் மின்சாரமும் மிச்சம், உலோகமும் மிச்சம். இந்த இரண்டு மிச்சமும் குப்பைக்குள் போனால் என்ன செய்யும் என்று சொன்னால் அதுவே உன் பேச்சு.

"மிச்சம் இருந்தா என்னங்க டீச்சர்? குப்பையில சும்மாதானே கிடக்கப் போகுது?"

சும்மா கிடக்க விட்டால் பரவாயில்லை. தொட்டியில் போட்டது வண்டியில் ஏறுகிறது. நகரங்களில் பெரிய வண்டிக்குள் குப்பையை அழுத்தித் திணிக்கும் இயந்திரம் இருக்கிறது. கிடங்கில் கொட்டிய பிறகு அதன் மேல் பொக்லைன் ஏறி இறங்குகிறது. டார்ச் செல் அதையெல்லாம் பெரும்பாலும் தாங்கிவிடும், நசுங்கும், ஒழுகும். தாங்காதது செல்போன் பேட்டரி, பவர் பேங்க், காதில் மாட்டும் ஹெட்செட், சார்ஜ் போடும் ஹெட் லைட் இவற்றுக்குள் இருக்கும் லித்தியம் செல்.

அதன் உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் பாய் போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள், தலைமுடியைவிட மெல்லியது. நேர்முனையும் எதிர்முனையும் தொடாமல் பிரித்து வைப்பது அந்தத் தாள் மட்டும்தான். அழுத்தத்தில் அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிறது. சூடு ஏறுகிறது, சூடு ஏற ஏற உள்ளே வேதிவினை வேகமாகிறது, அந்த வினையே இன்னும் சூட்டைக் கிளப்புகிறது. உள்ளே இருக்கும் திரவம் மண்ணெண்ணெய் போலத் தீப்பற்றக் கூடியது. செல்போன் பூஜ்யம் சதவீதம் காட்டி அணைந்தபோதும் பேட்டரியில் 3 வோல்ட் அளவுக்கு மிச்சம் இருக்கும். அரைகுறையாகச் சார்ஜ் இருந்தாலோ சொல்லவே வேண்டாம்.

இப்போது நம் பக்கத்துக் குப்பையை நினைத்துப் பார். திருப்பூர் பக்கம் என்றால் பனியன் கட்டிங் துணி. எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் பை, அட்டை, தேங்காய் மட்டை. அதன் நடுவில் ஒரு செல் சீறினால் உடனே தெரியாது. அடியில் புகைந்து புகைந்து சில மணி நேரம் கழித்து மேலே வரும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல். 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. அதற்குச் செல்தான் காரணம் என்று பேச்சில் சேர்த்துவிடாதே. குப்பை மக்கும்போது வரும் மீத்தேன், யாரோ வைத்த நெருப்பு, வெயில் என்று கிடங்குத் தீக்குப் பல வழி உண்டு. லித்தியம் செல் அந்த வழிகளில் ஒன்று, அதுவும் நம் கையாலேயே அடைக்கக் கூடிய ஒன்று. அவ்வளவு சொன்னால் போதும்.

"ஒரு செல் ஆறு லட்சம் லிட்டர் தண்ணியக் கெடுக்கும்னு போட்டிருக்காங்க. அதைச் சொல்லலாங்களா?"

சொல்லாதே. இந்த எண் சில இடத்தில் ஆறு லட்சமாகவும் சில இடத்தில் வேறாகவும் வருகிறது. எந்தச் செல், அதில் எந்த உலோகம், எவ்வளவு, எந்த அளவைத் தாண்டினால் கெட்டதாகக் கணக்கு என்று எங்கேயும் சொல்லியிருக்காது. பின் பெஞ்சில் ஒருவன் "எப்படிக் கணக்குப் போட்டே?" என்று கேட்டால் உன்னிடம் பதில் இருக்காது.

அதற்குப் பதிலாக நீயே போடக் கூடிய கணக்கு ஒன்று தருகிறேன். பழைய கார்ட்லெஸ் போன், எமர்ஜென்சி விளக்கு, சில சோலார் தோட்ட விளக்கு இவற்றில் நிக்கல் காட்மியம் செல் இருக்கும். மேலே Ni-Cd என்று அச்சடித்திருப்பார்கள். அளவில் பென்சில் செல் மாதிரிதான், எடை ஏறத்தாழ 20 கிராம். அதில் காட்மியம் மட்டும் சுமார் 15 சதவீதம் என்று வைத்துக்கொள். 20 கிராமில் 15 சதவீதம் 3 கிராம், அதாவது 3000 மில்லிகிராம்.

இப்போது உரத்துக்கு வா. ஊர்க் குப்பையில் செய்த உரத்தில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது இந்தியாவில் உள்ள வரம்பு. 3000ஐ 5ஆல் வகுத்தால் 600. அந்த ஒரு செல்லில் இருக்கும் காட்மியம் முழுவதும் கலந்தால், 600 கிலோ உரத்தை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோக அதுவே போதும். அரை டன்னுக்கும் மேல். கரும்பலகையில் எழுதிக்கொண்டே இந்தக் கணக்கைப் போடு, வகுப்பு உன்னோடு சேர்ந்து வகுக்கும்.

இதிலும் ஒரு நேர்மை வேண்டும். செல் ஒரே நாளில் கரைந்துவிடாது. இரும்பு உறை துருப்பிடித்து ஓட்டை விழ ஆண்டுகள் ஆகும், அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். "முழுவதும் கலந்தால்" என்ற வார்த்தையை விட்டுவிடாதே.

"காட்மியம் அவ்வளவு கெட்டதுங்களா?"

மண்ணுக்குப் போனால் அது மக்காது. பயிர் வேர் வழியாக எடுத்துக்கொள்ளும், கீரையும் நெல்லும் குறிப்பாக. நம் உடம்புக்குள் வந்தால் சிறுநீரகத்தில் தங்கிவிடும். வந்ததில் பாதி வெளியேறவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பக்கம் வயல்களில் காட்மியம் சேர்ந்து, அந்த அரிசியைச் சாப்பிட்டவர்கள் எலும்பு முறிந்து துடித்தார்கள். "இத்தாய் இத்தாய்" என்று அந்த நோய்க்கே பேர், "வலிக்குது வலிக்குது" என்று அர்த்தம். அது சுரங்கக் கழிவால் வந்தது, செல்லால் அல்ல. உலோகம் ஒன்றுதான், அளவு வேறு. மஞ்சளும் வாழையும் கீரையும் போடுகிற நம் ஊரில், ஊர்க் குப்பை உரத்தைக் காட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு இது சம்பந்தமில்லாத கதை கிடையாது.

"எங்க அப்புச்சி தண்ணி கட்டப் போறப்ப டார்ச்சு லைட்டு எடுத்துட்டுப் போவாரு. அந்தப் பேட்டரிக்கட்டையிலயும் காட்மியம் இருக்குங்களா?"

நல்ல கேள்வி. இன்றைக்குக் கடையில் வாங்கும் சாதாரண டார்ச் கட்டையில் காட்மியம் ஒரு பாகமாக இல்லை. அதன் உறை துத்தநாகம், நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீஸ் டை ஆக்சைடும் கரியும் கலந்த கறுப்புப் பொடி, ஈரத்துக்கு அம்மோனியம் குளோரைடு அல்லது துத்தநாகக் குளோரைடு. இவை காட்மியம் அளவுக்குக் கொடியவை அல்ல. ஆல்கலைன் செல்லும் கிட்டத்தட்ட இந்த வகையே, ஆனால் உள்ளே இருக்கும் காரம் தோலைப் பொத்துவிடும். ஒழுகிய செல்லின் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடி அந்தக் காரம் காற்றோடு சேர்ந்து உறைந்தது. அதை வெறுங்கையால் சுரண்டாதே.

அப்படியானால் டார்ச் கட்டையை ஏன் பெட்டியில் போட வேண்டும்? ஒன்று, துத்தநாகமும் மாங்கனீசும் மறுபடி எடுக்கக் கூடிய உலோகங்கள், மண்ணில் சேர்ந்தால் உரத்தின் துத்தநாக அளவையும் ஏற்றும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வீட்டில் யாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு இது எந்த வகைச் செல் என்று படிக்கப் போவதில்லை. "சிலதைத் தொட்டியில் போடலாம், சிலதைப் போடக் கூடாது" என்று சொன்னால் Ni-Cd செல்லும் தொட்டிக்குத்தான் போகும். எல்லாச் செல்லும் ஒரே ஜாடிக்கு என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். பிரிப்பது பெட்டியை எடுத்துப் போகிறவர்களின் வேலை.

உன் அப்புச்சியிடம் இன்னொன்றும் கேள். அந்தக் காலத்தில் பேட்டரிக்கட்டையை உடைத்துக் கறுப்புப் பொடியை எடுத்து, ஊமத்தந்தழைச் சாற்றோடு கலந்து பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசியிருப்பார்கள். அப்போதைய கட்டைகளில் பாதரசமும் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். கரிக்குச்சிக்காகச் செல்லைக் கல்லால் குத்தி உடைக்கும் பழக்கம் இன்றும் பிள்ளைகளிடம் இருக்கிறது, பேச்சில் அதை நிறுத்தச் சொல்.

"வகுப்பிலேயே ஒரு பெட்டி வைக்கலாங்களா? எங்கம்மா ஸ்டீல் பிஸ்கட் டப்பா தர்றேன்னாங்க."

தகர டப்பா, ஸ்டீல் டப்பா எதுவும் வேண்டாம். நான் பட்ட அனுபவம் இது. முதல் வருடம் நானும் பிஸ்கட் தகர டப்பாதான் வைத்தேன். பள்ளி மைக்கில் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். மற்ற செல்லுக்கு முனைகள் மேலும் கீழுமாக இருக்கும், இதற்கு இரண்டு முனையும் ஒரே பக்கம். அது தலைகீழாக விழுந்து இரண்டு முனையும் டப்பாவின் அடித்தகட்டில் பட்டு நின்றிருக்கிறது. மதியம் டப்பாவை நகர்த்தத் தொட்டபோது அடிப்பக்கம் டீ டம்ளர் போலச் சுட்டது. உள்ளே காகிதம் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அதன் பிறகு ஊறுகாய் வரும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடிதான். கழுவி நன்றாகக் காய வைக்க வேண்டும், ஈரம் ஆகாது. மூடியை இறுக்காமல் லேசாகத் திருகி வைக்க வேண்டும், செல்லில் இருந்து வாயு வந்தால் வெளியே போக வழி வேண்டும். வெயில் படாத இடத்தில், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வை. போடும் முன் முனையில் இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்ட வேண்டும். 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையையும் மூடு. பட்டன் செல்லைச் சுற்றி முழுக்க ஒட்டு. பென்சில் செல்லுக்கு மேட்டுப் பக்கம் மட்டும் போதும். ஒரு லிட்டர் ஜாடியில் பென்சில் செல் எழுபது வரை பிடிக்கும், எடை ஒன்றரை கிலோ வரும். நிறைந்தால் கொடுத்துவிட வேண்டும், இரண்டாவது மூன்றாவது ஜாடி என்று அடுக்கி வைக்கக் கூடாது.

"உப்பிப்போன செல்போன் பேட்டரி ஒண்ணு வீட்ல கிடக்குதுங்க. பையன்கிட்டக் குடுத்து அனுப்பட்டுங்களா?"

தயவுசெய்து கொடுத்து அனுப்பாதீர்கள் அம்மா. உப்பியிருப்பது உள்ளே வாயு சேர்ந்ததன் அடையாளம். புத்தகப் பையில் டிபன் பாக்ஸோடு நசுங்கும் இடத்தில் அது இருக்கவே கூடாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள், அது நேராகத் தீயில் முடியும். அழுத்தாமல் எடுத்து, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில், துணி, விறகு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். நாள் கடத்தாமல் பெரியவர்கள் யாராவது அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு முதலில் போன் செய்து கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். போனைத் திறக்க முடியாமல் பேட்டரி உள்ளேயே உப்பியிருந்தால் கழற்றப் பார்க்காமல் போனோடு கொடுத்துவிடுங்கள்.

அப்படியே ஒரு வார்த்தை. ரிமோட், எடைக் கருவி, வெளிச்சம் அடிக்கும் பொம்மை இவற்றில் இருக்கும் ரூபாய்க் காசு போன்ற செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தொண்டைக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்த புண் ஆழமாகிவிடும். கடிகாரத்தில் தீர்ந்த செல்லாக இருந்தாலும் மிச்சம் இருக்கும் மின்சாரம் அதற்குப் போதும்.

"இது சட்டமா டீச்சர், இல்லைன்னா நல்ல பழக்கம் மட்டுந்தானா?"

சட்டமேதான். 2001இல் வந்த பேட்டரி விதிகள் கார், இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய ஆசிட் பேட்டரியைப் பற்றியவை. நம் பென்சில் செல் அதில் இல்லை. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு புதிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. எல்லா வகைப் பேட்டரியும் அதற்குள் வந்தது. தயாரித்து விற்பவரும் இறக்குமதி செய்பவரும் பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். பயன்படுத்தியவர் மற்ற வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். செல்லின் மேல் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைக் குறுக்கே அடித்த படம் இருக்கும், அதைப் பெரிதாக வரைந்து காட்டு. படத்துக்குக் கீழே Cd என்று இருந்தால் காட்மியம், Pb என்றால் ஈயம்.

உள்ளாட்சியின் பங்கும் உண்டு. 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு விதிகள் பழைய செல்லை வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்து, இருபது சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஒப்படைப்பு மையம் வேண்டும் என்றன. கோவை மாநகராட்சியின் பரப்பு சுமார் 257 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 13 மையம் வேண்டியிருந்தது.

"நம்மூர்ல எங்கீங்க குடுக்கறது? பழைய இரும்புக் கடையில போடலாமா?"

இன்வெர்ட்டர், டிராக்டர் பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். சின்னச் செல்லுக்கு இரும்புக் கடை சரியான இடம் இல்லை. அங்கே உறைக்காக உடைப்பார்கள், மிச்சத்தைக் கொளுத்துவார்கள்.

முதலில் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் "வீட்டு அபாயக் கழிவு எங்கே வாங்குகிறீர்கள்" என்று கேளுங்கள். அடுத்தது பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகள், செல்போன் சர்வீஸ் சென்டர்கள். பெட்டி வைத்திருக்கும் இடமும் உண்டு, பெட்டி இருந்தும் எடுக்க ஆள் வராத இடமும் உண்டு. "இதை யார் வந்து எடுக்கிறார்கள், கடைசியாக எப்போது எடுத்தார்கள்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். நாங்கள் ஈரோட்டுக்கு வேலையாகப் போகும் ஓர் அப்பாவிடம் ஜாடியைக் கொடுத்து விடுகிறோம், பருவத்துக்கு ஒருமுறை போதுமானதாக இருக்கிறது.

தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் கொடுப்பதானால் மற்ற குப்பைக்குள் ஒளித்துப் போடாமல், தனிக் கவரில் போட்டு "இதுல பேட்டரிக்கட்டை இருக்குதுங்கக்கா" என்று கையில் கொடுங்கள். கையுறை இல்லாமல் குப்பையைப் பிரிக்கிற விரல்கள் அவருடையவை.

"கடைசியா என்ன சொல்லி முடிக்கறதுங்க டீச்சர்?"

ஜாடியை மேசை மேல் வை. சட்டைப் பையில் இருந்து டேப் சுருளை எடுத்து, ஆரம்பத்தில் கடிகாரத்தில் போட்ட அந்தச் செல்லைப் பற்றிச் சொல்: "இது இன்னும் ஓடுகிறது, அதனால் இன்றைக்கு ஜாடிக்குப் போகாது. நின்ற அன்றைக்குப் போடுகிறேன்." பிறகு வீட்டில் இருந்து கொண்டுவந்த இன்னொரு ஒழுகாத செல்லின் முனையில் டேப்பை ஒட்டி உள்ளே போட்டுவிட்டு உட்கார்ந்துகொள். கடிகாரத்தைச் சுவரில் மாட்டிவிடு. அது எந்த வாரம் நிற்கிறது என்று வகுப்பு பார்த்துக்கொண்டே இருக்கும்.